‘எனினும்’ என்று யாரும் கதை சொல்வதில்லை

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய ஒரு சிறு ஆவணப்படத்துக்கு நான் ஒன்பது வாக்கியங்கள் எழுதிக் கொடுத்திருந்தேன். வாய்ஸ் ஓவர் கொடுக்க வந்த பெண்மணி அனுபவம் உள்ளவர். பென்னிகுவிக், திருவிதாங்கூர் போன்ற பெயர்களில் அவர் நாக்கு தடுமாறவில்லை. ‘எனினும்’, ‘எனவே’, ‘ஆயினும்’ வந்த இடங்களில்தான் ஒவ்வொரு முறையும் நின்றார். “இதெல்லாம் கண்ணுக்கு நல்லா இருக்கு சார், வாய்க்கு வரலை” என்றார்.

நான் பேனாவை எடுத்து இரண்டே நிமிடத்தில் ‘எனினும்’, ‘ஆயினும்’ போன்றவற்றை எல்லாம் ‘ஆனா’ ஆக்கினேன், ‘எனவே’ போன்றவற்றை ‘அதனால’ ஆக்கினேன். அவர் தடுக்காமல் படித்துவிட்டார். பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது முன்னதைவிட மோசமாக இருந்தது. பாடத்தை மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘ஆனா’, ஒரு ‘அதனால’. சொற்கள் பேச்சுத் தமிழ்தான். ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. எழுத்துச் சொல்லை எடுத்துவிட்டுப் பேச்சுச் சொல்லை வைத்த பிறகும் ஏன் பேச்சாகவில்லை என்ற கேள்வியில் தொடங்கியது இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொற்களையே பிரித்துப் பார்க்கலாம். ‘எனினும்’ என்பது ‘எனின்’ என்பதோடு ‘உம்’ சேர்ந்தது. ‘என்று சொன்னாலும்’ என்று பொருள். ‘ஆயினும்’ என்றால் ‘அப்படி ஆனாலும்’. ‘எனவே’ என்பதில் இருப்பதும் ‘என்’ என்ற வினைதான்: ‘என்று சொல்ல’. ‘ஆகவே’, ‘ஆகையால்’ இரண்டிலும் ‘ஆகு’ இருக்கிறது. ‘ஏனெனில்’ என்பது ‘ஏன் என்று கேட்டால்’. பேச்சு வழக்கில் உள்ள ‘ஆனால்’கூட ‘அப்படி ஆகிவிட்டால்’ என்ற நிபந்தனையாக இருந்து உறைந்ததுதான். இவை எல்லாம் ஒரு காலத்தில் உயிருள்ள வினைகள். முன் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தவை அங்கிருந்து கழன்று, அடுத்த வாக்கியத்தின் தலையில் காற்புள்ளியோடு தனியாக நிற்கத் தொடங்கின. அச்சும், நிறுத்தற்குறியும், ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும் செய்தி நடையும் அந்த இடத்தை உறுதிப்படுத்தின.

பேச்சில் இந்த உறைதல் நடக்கவில்லை. “மழை பெய்தது. எனினும், ஆட்டம் நடந்தது” என்று எழுதுகிறோம். சொல்லும்போது “மழை பெஞ்சும் ஆட்டம் நடந்துச்சு” என்போம். இடையில் சொல்லே இல்லை. எதிர்ப்பு முழுவதையும் வினையின் வாலில் உள்ள ஓர் ‘உம்’ தாங்கிக்கொள்கிறது. தொல்காப்பியம் இடையியலில் இந்த உம்மைக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது. ஓகாரத்துக்கு ஆறு, ஏகாரத்துக்கு ஐந்து. தமிழ் தன் இணைப்புகளைப் பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் வைத்திருக்கிறது. வாக்கியத்தின் தலையில் ஓர் எழுத்துச் சொல்லை அழித்து அதே இடத்தில் ஒரு பேச்சுச் சொல்லைத் தேடியதுதான் நான் செய்த தவறு. தேட வேண்டிய இடம் முந்தைய வாக்கியத்தின் முடிவு.

ஆங்கிலத்திலும் இந்த இடைவெளி உண்டு. 1999இல் வந்த லாங்மன் இலக்கணம் ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ இரண்டையும் கல்விசார் எழுத்துக்குரியவை என்கிறது. உரையாடலில் ‘சோ’, ‘தென்’, ‘தோ’ ஓங்கி நிற்பதைக் காட்டுகிறது. அவற்றில் ‘தோ’ வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காரும். தமிழிலும் நாம் “ஆட்டம் நடந்துச்சு, அவ்வளவு மழை பெஞ்சும்” என்று வினைமுற்றுக்குப் பின்னால் தள்ளிச் சொல்வது உண்டு. எழுத்தில் பிழைபோலத் தெரியும் இந்த வரிசை காதுக்குப் பிழையே இல்லை. நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, அதில் வியக்க என்ன இருக்கிறது என்பதைப் பிறகு வைப்பது கதைசொல்லியின் இயல்பு.

சரி, வாலில் வைப்பது என்று முடிவானால் எந்த வால்? ‘எனினும்’ ஒரே வேலையைச் செய்யும் சொல் இல்லை என்பதை இங்கேதான் கவனிக்க வேண்டும். குறைந்தது மூன்று வேலைகளை அது ஒரே முகத்தோடு செய்கிறது.

முதல் வேலை, இரண்டு பக்கங்களை எதிரெதிரே நிறுத்துவது. அண்ணன் படித்தான், தம்பி படிக்கவில்லை என்பது போன்றது. இதில் யாருடைய எதிர்பார்ப்பும் பொய்யாகவில்லை. பேச்சில் இதற்கு ‘ஆனா’ தேவையே இல்லை: “அண்ணன் படிச்சான். தம்பியோ பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலை.” ஓர் ஓகாரம் போதும். ஓகாரம் கொஞ்சம் மேடைத்தனமாகப் பட்டால், “தம்பி இருக்கானே, அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலை” என்று தம்பியை முன்னால் இழுத்து நிறுத்தலாம்.

இரண்டாவது, தடை இருந்தும் ஒன்று நடப்பது. மழை பெய்தும் ஆட்டம் நடந்தது இந்த வகை. இதற்கு ‘-உம்’, ‘-ஆலும்’, ‘அப்பவும்’, ‘அப்படியிருந்தும்’ எல்லாம் பேச்சிலேயே உள்ளவை.

மூன்றாவதுதான் சுவையானது. ஒன்றை எதிர்பார்த்துப் போனால் வேறொன்று காத்திருக்கிறது. “அவர் கதவைத் திறந்தார். எனினும், உள்ளே எவரும் இல்லை” என்று எழுதுகிறோம். சொல்பவர் யாராக இருந்தாலும் இப்படித்தான் சொல்வார்: “கதவைத் திறந்தார். திறந்தா, உள்ள யாருமே இல்லை.” அந்தத் ‘திறந்தா’வில் இருப்பது நிபந்தனை உருபு, ஆனால் நிபந்தனை எதுவும் இல்லை, அவர் திறந்தே விட்டார். நடந்து முடிந்த செயலை நிபந்தனை உருபில் மறுபடி சொன்னால், அந்தச் செயலின் முனையில் எதிர்பாராத ஒன்று வரப்போகிறது என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ‘போனா’, ‘பார்த்தா’, ‘வந்து கேட்டா’ எல்லாம் இந்த இனம். எழுத்துத் தமிழில் இதற்கு நேரான சொல் கிடையாது. ‘எனினும்’ அந்த இடத்தில் வெறுமனே இட்டு நிரப்புகிறது. பாட்டி சொன்ன எந்தக் கதையை நினைத்துப் பார்த்தாலும் திருப்பம் வரும் இடத்தில் இந்த உருபு நிற்கும்.

இந்த அமைப்பு காதுக்கு இன்னொரு உதவியும் செய்கிறது. எழுத்தில் ‘இதனால்’ என்று தொடங்கினால், எதனால் என்பதற்குக் கண் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளும். கேட்பவருக்கு மேலே போக வழியில்லை. முன் வாக்கியத்தின் வினையையே எடுத்து அடுத்த வாக்கியத்தின் தலையில் வைத்தால், எதிலிருந்து எதற்குப் போகிறோம் என்பது கைவிட்டுப் போவதில்லை. “மலைக்குப் போனாங்க. போயி, கூடாரம் போட்டாங்க. போட்டு முடிக்கிறதுக்குள்ள இருட்டிடுச்சு.” இதை எழுத்தில் பார்த்தால் கூறியது கூறலாகத் தோன்றி ஆசிரியர் குழு வெட்டிவிடும். வாய்ஸ் ஓவருக்கு இது மூச்சு வாங்கும் இடமும்கூட.

‘எனவே’வுக்கு வருகிறேன். இங்கே தவறினால் நடை மட்டும் கெடாது, பொருளே புரண்டுபோகும். கீழடியை எடுத்துக்கொள்வோம். “கீழடியில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. எனவே, அங்கு வாழ்ந்தோர் எழுத்தறிவு பெற்றிருந்தனர்.” எழுத்தில் குறை இல்லை. இதையே “ஓடு கிடைச்சுது. அதனால அங்க இருந்தவங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டாங்க” என்று சொல்லிப் பாருங்கள். நாம் ஓட்டைக் கண்டெடுத்ததால் அவர்களுக்கு எழுத்து வந்ததுபோல் ஆகிவிடுகிறது. காரணம் எளிது. ‘எனவே’ இரண்டு வேலை செய்யும்: ஒரு நிகழ்ச்சி இன்னொரு நிகழ்ச்சியை உண்டாக்கியது என்றும் சொல்லும், ஒரு சான்றிலிருந்து நாம் ஒன்றை ஊகிக்கிறோம் என்றும் சொல்லும். ‘அதனால’ இயல்பாக முதல் வேலையின் பக்கம் சாயும். ஊகத்துக்குப் பேச்சுத் தமிழில் வேறு இணைப்பு இருக்கிறது. அது வினைமுற்றையும் மாற்றச் சொல்லும்: “ஓட்டுல பிராமி எழுத்து இருக்கு. அப்படின்னா, அங்க இருந்தவங்களுக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு.”

இங்கே ‘அப்படின்னா’ பாதி வேலையை மட்டுமே செய்கிறது. மீதி ‘தெரிஞ்சிருக்கு’ என்பதில் உள்ள ‘இரு’வினுடையது. வெளியே வந்து தெரு ஈரமாக இருப்பதைப் பார்த்தவர் “ராத்திரி மழை பெஞ்சிருக்கு” என்பார். நனைந்துகொண்டே நின்றவர் “ராத்திரி மழை பெஞ்சுது” என்பார். தடயத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்பதை அந்த ‘இரு’ சொல்லிவிடுகிறது. உறுதி குறைவு என்றால் ‘தெரிஞ்சிருக்கணும்’, இன்னும் குறைவு என்றால் ‘தெரிஞ்சிருக்கலாம்’. தொல்லியல், மருத்துவம், குற்றப் புலனாய்வு பற்றிய படங்களுக்கு எழுதுகிறவர்கள் ‘எனவே’வை மாற்றும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: இது விளைவா, ஊகமா?

மூன்றாவதாக ஒரு ‘எனவே’யும் உண்டு. ஒருவர் ஒன்றை முடிவு செய்வதற்கான காரணத்தைச் சொல்வது. தண்ணீர் இல்லை, எனவே ஆற்றைத் திருப்ப எண்ணினார்கள். இதைப் பேச்சில் சொல்கிறவர் அந்த எண்ணத்தையே அவர்கள் வாயில் வைத்துவிடுவார்: “ஆத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டா என்னன்னு நினைச்சாங்க.” ‘-ன்னு’ என்ற ஒரு வால் காரணத்தையும் எண்ணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

‘ஏனெனில்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேச்சில் உள்ள ‘ஏன்னா’வும் அதுவும் ஒரே சொல்தான், உள்ளே ஒரு கேள்வி இருப்பது மட்டும் பேச்சில் இன்னும் தெரிகிறது. “ஏன்னு கேட்டா” என்று விரித்தும் சொல்லலாம். இது ஒன்றும் புதிதில்லை. பழைய உரைகளில் ‘என்னை?’ என்று ஆசிரியர் தாமே கேட்டு, ‘எனின்’ என்று தாமே விடை சொல்லத் தொடங்குவார். இறையனார் களவியல் உரை அப்படி நடப்பது. ஒருவர் அடுத்தவருக்கு உரைக்க, பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே முசிறி நீலகண்டனார் வரை வந்ததாக அந்த உரை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. அந்த வரலாற்றை நம்புவதா வேண்டாமா என்பது வேறு. கேட்டும் சொல்லியும் வளர்ந்த உரைநடை கேள்வியையே இணைப்பாக வைத்துக்கொண்டது என்பது கண் முன்னால் இருக்கிறது. மிகப் பழைய உரைநடை, இந்த ஒரு விஷயத்தில், இன்றைய செய்தி நடையைவிட வாய்ஸ் ஓவருக்கு நெருக்கமானது.

‘மேலும்’ மட்டும் எனக்கு ஆகாது. இரண்டு செய்திகளுக்குள் என்ன உறவு என்று எழுதியவருக்கே தெரியாத இடத்தில்தான் அது பெரும்பாலும் வருகிறது. பேச்சில் அதற்கு ‘அது போக’, ‘அதோட’, ‘இன்னொண்ணு’ எல்லாம் உண்டு. ஆனால் அவற்றை வைப்பதற்கு முன், ‘மேலும்’ அந்த இடத்தில் நிற்க உரிமை உள்ளதா என்று பார்த்தால் பல நேரம் இருக்காது.

இனி அந்த ஒன்பது வாக்கியங்கள். நான் முதலில் எழுதியது இது:

“பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக்கடலில் கலக்கிறது. எனினும், மலையின் கிழக்கே உள்ள வைகைப் படுகை மழை மறைவுப் பகுதி என்பதால் அடிக்கடி வறட்சிக்கு உள்ளானது. எனவே, பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் உருவானது. 1886இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. மேலும், 1887இல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் பணிகள் தொடங்கின. ஆயினும், வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. அதேசமயம், மலேரியாவால் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர். இருப்பினும், பணி தொடர்ந்தது. இதன் விளைவாக, 1895இல் அணை நிறைவடைந்தது.”

ஏழு இணைப்புச் சொற்கள். ஒவ்வொன்றையும் அது செய்யும் வேலையைக் கேட்டுப் பார்த்தபோது, இரண்டு இணைப்புகள் பொய் என்பது தெரிந்தது. பணி தொடங்கியது ஒப்பந்தத்தோடு கூடுதலாக வந்த செய்தி இல்லை. அதற்கு அடுத்த கட்டம். ஆகவே ‘மேலும்’ தவறு. கடைசி ‘இதன் விளைவாக’ இன்னும் பெரிய தவறு. அணை நிறைவடைந்தது வெள்ளத்தின் விளைவும் இல்லை, சாவுகளின் விளைவும் இல்லை. எழுதும்போது என் கண்ணுக்கு அது படவே இல்லை. படிக்கும்போது குரல் தடுக்கியதால் தெரிந்தது. எழுத்து இணைப்புச் சொற்களுக்கு இப்படி ஒரு குணம்: இல்லாத உறவை இருப்பதாகக் காட்டி நகர்ந்துவிடும்.

முதலில் வரும் ‘எனினும்’ எதிர்பார்ப்பைப் பொய்யாக்குவது இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்ற இரு பக்க நிலை. ‘எனவே’ ஒரு முடிவின் காரணம். ‘ஆயினும்’ மூன்றாவது வகை, அதாவது தொடங்கிய செயலின் முனையில் எதிர்பாராத இடி. ‘அதேசமயம்’ ஒரே நேரத்தைச் சொல்லவில்லை. துன்பத்தோடு துன்பத்தை அடுக்குகிறது. ‘இருப்பினும்’ தடை இருந்தும் நடப்பது. இவற்றை வைத்துக்கொண்டு மறுபடி எழுதியது:

“பெரியாறு மேற்கே ஓடுது. ஓடி, அரபிக்கடல்ல போய்க் கலக்குது. மலைக்கு இந்தப் பக்கம் வைகை. இது மழை மறைவுப் பக்கம், அடிக்கடி பஞ்சம். அந்தத் தண்ணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிட்டா என்னன்னு யோசிச்சாங்க. 1886ல திருவிதாங்கூரோட ஒப்பந்தம் போட்டாங்க. குத்தகை, 999 வருஷத்துக்கு! அடுத்த வருஷமே பென்னிகுவிக் வேலையை ஆரம்பிச்சார். ஆரம்பிச்சா, ஆத்துல வெள்ளம். போட்ட தடுப்பையெல்லாம் அடிச்சுட்டுப் போயிடுச்சு. வெள்ளம் ஒரு பக்கம்னா, மலேரியா இன்னொரு பக்கம். வேலைக்கு வந்தவங்க எத்தனையோ பேர் அந்தக் காட்டுலயே செத்துப்போனாங்க. அப்பவும் வேலை நிக்கலை. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைச்சுக் குழைச்சு, ஒருவழியா 1895ல அணையைக் கட்டி முடிச்சாங்க.”

இதில் ‘ஆனா’ ஒன்றுகூட இல்லை, ‘அதனால’வும் இல்லை. ‘ஒருவழியா’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்ட பாடு, எடுத்த காலம், முடிந்ததில் வந்த நிம்மதி மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ‘இதன் விளைவாக’ என்ற பொய்யான காரணத்துக்குப் பதில் உண்மையான உறவு அங்கே வந்து உட்கார்ந்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வரைவில் நான் “அந்தப் பக்கம் வீணாப் போற தண்ணியை” என்று எழுதியிருந்தேன். வாய்க்கு அது மிகவும் இயல்பாக வந்தது. இரு பக்கங்களையும் இணைக்க அதைவிட நல்ல கண்ணியும் இல்லை. ஆனால் ‘வீணா’ என்பது இந்த அணைத் தகராறில் ஒரு தரப்பின் வாதம். கடலில் கலக்கும் ஆறு வீணாகிறதா என்பதில் மலைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள் நம்மோடு உடன்பட மாட்டார்கள். பேச்சு இணைப்புகளில் உணர்வும் சார்பும் ஒட்டிக்கொண்டே வரும். ‘எனினும்’ உயிரற்ற சொல்தான். ஆனால் அது யார் பக்கமும் பேசுவதில்லை. அந்த நடுநிலையை விட்டுவிட்டு வரும்போது, புதிதாக வந்த சொல் யார் பக்கம் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘வீணா’வை அடித்துவிட்டேன்.

என் முதல் திருத்தம் ஏன் ஒப்பித்தல்போல் இருந்தது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைப்பை மட்டும் மாற்றி வினைமுற்றை அப்படியே விட்டுவிட்டேன். “ஆனா… பலர் உயிரிழந்தனர்.” தமிழில் இணைப்பும் வினைமுற்றும் ஒரே படியில் நிற்க வேண்டும். ‘எனினும்’ என்றால் ‘முடிவு செய்தனர்’ பொருந்தும். ‘இருந்தாலும்’ என்றால் ‘முடிவு செய்தார்கள்’ வரைக்கும் இறங்கலாம். ‘ஆனா’ என்று தொடங்கிவிட்டால் ‘முடிவு பண்ணாங்க’ என்றுதான் முடிக்க வேண்டும். முழுப் பேச்சு வழக்கு வேண்டாம் என்று நினைக்கும் படங்களுக்கு நடுப்படி ஒன்று இருக்கிறது: சொற்களை ‘போனார்கள்’, ‘இருந்தது’ என்று முழுதாக உச்சரித்துக்கொண்டு, இணைப்பு முறையை மட்டும் பேச்சிலிருந்து எடுப்பது. “கதவைத் திறந்தார். திறந்தால், உள்ளே யாருமே இல்லை.” பேச்சு என்பது பெரும்பாலும் இந்த அமைப்பில் இருக்கிறது, ‘திறந்தால்’ என்பதன் கடைசி ‘ல்’ விழுகிறதா இல்லையா என்பதில் அவ்வளவு இல்லை. வானொலிச் செய்திக்கும் தீர்ப்பு வாசிப்புக்கும் இது பொருந்தாது. அங்கே ‘எனவே’ தன் இடத்தில்தான் இருக்கிறது. நாவலை ஒலிநூலாகப் படிப்பவருக்கும் மாற்ற உரிமை இல்லை, ஆசிரியர் ‘ஆயினும்’ என்று எழுதியிருந்தால் ‘ஆயினும்’தான்.

எது எழுத்துச் சொல் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். ‘வந்தபடியால்’ என்பது சென்னைக் காதுக்கு அரசு ஆணைபோல் ஒலிக்கும். யாழ்ப்பாணத்தில் அது வீட்டுப் பேச்சு. ‘எண்டபடியால்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த ஊர்க் குரலுக்கு எழுதும்போது ‘-படியால்’ என்பதை வெட்டினால் இயல்பைத்தான் வெட்டுவோம். நகரத்து இளைஞர்கள் பேச்சில் ‘சோ’வும் ‘பட்’டும் உண்மையான இணைப்புகள் ஆகிவிட்டன என்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் கதை சொல்லும் குரலில் அவற்றை நான் சேர்ப்பதில்லை. அவை கதையைவிடச் சொல்பவரின் வயதையும் ஊரையும் முன்னால் நிறுத்துகின்றன.

கடைசியாக, வீட்டில் கதை சொல்பவருக்கு இருந்து ஒலிப்பதிவுக் கூடத்தில் இல்லாத ஒன்று. கதை சொல்லும் பாட்டி பிள்ளையை ‘உம்’ கொட்டச் சொல்வார். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். அந்த ‘உம்’மும் ‘ஆமா’வும் இணைப்புகள்தான். இதுவரை சொன்னது போய்ச் சேர்ந்தது, அடுத்ததைச் சொல் என்று அவை சொல்கின்றன. மைக் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு உம் கொட்ட ஆளில்லை. எழுதுகிறவர் அந்த ஆளாக இருந்து பார்க்கலாம். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நின்று, கேட்பவர் இப்போது என்ன கேட்பார் என்று பாருங்கள். ‘ஏன்?’ என்று கேட்பார் என்றால் ‘ஏன்னா’ வேண்டும். ‘அப்புறம்?’ என்பார் என்றால் எந்தச் சொல்லும் வேண்டாம், அடுத்ததைச் சொன்னால் போதும். ‘அப்படியா?’ என்று நம்பாமல் பார்ப்பார் என்றால், அங்கே ஓர் ஏகாரமோ ‘தான்’-ஓ கேட்கிறது. அவர் ஒன்றுமே கேட்க மாட்டார் என்று தோன்றினால், இரண்டு வாக்கியங்களில் ஒன்று தேவையில்லை.

இதைவிட எளிய சோதனை ஒன்று. எழுதிய தாளை மூடி வைத்துவிட்டு, அதே செய்தியை வீட்டில் யாரிடமாவது சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதைக் கேட்டு, வாக்கியங்கள் சேரும் இடங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்து பார்த்தபோது, ‘ஆனா’ வரும் என்று நினைத்த இடங்கள் பலவற்றில் ‘பார்த்தா’வும் ‘போயி’யும் ‘அப்பவும்’ என்பதும் வந்திருந்தன. சில இடங்களில் ஒரு சின்ன நிறுத்தம் மட்டும் இருந்தது. தாளைப் பார்த்துக்கொண்டு யோசித்திருந்தால் அவை எனக்குத் தோன்றியிருக்காது.

திருத்திய வடிவத்தை அந்தப் பெண்மணி மறுநாள் வந்து படித்தார். ‘அப்பவும் வேலை நிக்கலை’ என்ற இடத்தில், தாளில் இல்லாத ஒரு ‘ஆனா’வைத் தாமாகவே முன்னால் சேர்த்து, “ஆனா, அப்பவும் வேலை நிக்கலை” என்றார். அது அவர் வாயில் தானாக வந்தது. படத்தில் அப்படியே இருக்கிறது.